ஹைட்ராலிக் ஆயில் சூடாகிறதா? பம்ப்பைக் கழற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

காலையில் நன்றாக ஓடுகிற எக்ஸ்கவேட்டர் வண்டி மதியத்துக்கு மேல் மந்தமாகிவிடும். பூம் தூக்க நேரம் எடுக்கும், டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கிப் போகும், ஆபரேட்டர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஆறும்வரை உட்கார்ந்திருப்பார். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் பெரும்பாலும் முதல் வார்த்தையே “பம்ப் போச்சு” என்பதுதான். என்னுடைய இருபது டன் செயின் வண்டி, பக்கெட்டுக்குப் பதில் பாறை உடைக்கும் பிரேக்கர் மாட்டி கல்குவாரியில் ஓடியபோது எனக்கும் அதையேதான் சொன்னார்கள். பம்ப் போகவில்லை. கடைசியில் பிடிபட்ட காரணத்தைச் சரிசெய்ய ஆன செலவு, பம்ப் ஓவராலுக்குச் சொன்ன தொகைக்குப் பக்கத்தில்கூட வராது. ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்துக்கொண்டு புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்தவர்களுக்காக, எந்த வரிசையில் தேடினால் காசு வீணாகாது என்று எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். ஆயில் சூடாக இரண்டே வழிதான். ஒன்று, உண்டாகிற சூடு வழக்கம்போலத்தான் இருக்கிறது, ஆனால் கூலர் அதை வெளியே தள்ளவில்லை. இன்னொன்று, கூலர் நன்றாக இருக்கிறது, ஆனால் பிரஷரில் உள்ள ஆயில் எங்கோ ஓர் இடத்தில் வேலை எதுவும் செய்யாமல் டேங்க்குக்கு வழிகிறது. அப்படி வழிகிற ஆயிலின் பிரஷர் முழுவதும் சூடாகத்தான் மாறும். நம் வண்டி இதில் எந்தப் பக்கம் என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

1. ஸ்பானருக்கு முன் நோட்டு

முதலில் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள். உங்கள் மாடலுக்கான சர்வீஸ் மேனுவலில் பிரஷர் அளவுகள் உள்ள பக்கங்கள். பிரேக்கருடன் வந்த கையேடு (இதைப் பலர் தொலைத்துவிடுகிறார்கள், டீலரிடம் சீரியல் நம்பர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்). கடைசியாக ஆயில் மாற்றிய பில், அப்போதைய ஹவர் மீட்டர் ரீடிங். கடந்த ஆறு மாதத்தில் மாற்றிய ஹோஸ், வால்வு, சீல் எல்லாவற்றின் பில். இந்தக் கடைசிக் கட்டுதான் பல நேரம் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். சூடு எப்போது தொடங்கியது, அதற்கு முன்பு வண்டியில் எதில் கை வைத்தார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஒரு முழு ஷிஃப்ட்டுக்கு அரை மணிக்கு ஒருமுறை நான்கு விஷயம் எழுதுங்கள்: நேரம், வெளி வெப்பம், ஆயில் சூடு, அப்போது வண்டி செய்த வேலை. இன்ஜின் கூலன்ட் சூட்டையும் பக்கத்தில் குறித்துக்கொண்டால் நல்லது. வண்டி வாரண்டியில் இருந்தால் இந்தத் தாள் இல்லாமல் சர்வீஸ் ஆளிடம் பேசவே போகாதீர்கள்.

2. உண்மையிலேயே சூடுதானா?

மீட்டர் முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். சென்சார் பழுதாகியும் முள் ஏறும். டெம்பரேச்சர் கன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சாதாரண ரகம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். இதில் ஒரு பொறி உண்டு. பளபளப்பான இரும்பிலும் குரோமிலும் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதனால் அளக்கப்போகிற இடங்களில் எல்லாம் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டிவிட்டு அதன்மேல் பிடியுங்கள். எப்போதும் அதே இடம், அதே தூரம்.

டேங்க் பக்கச்சுவரில், ஆயில் மட்டத்துக்குக் கீழே அளந்தால் 50 முதல் 80 டிகிரி வரை சாதாரணம். 80-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 90-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் சீல்கள் இறுகி விறைக்கும், ஆயிலின் ஆயுளும் வேகமாகக் குறையும். இது தானாகவே மோசமாகிற நோய். சூட்டில் ஆயில் நீர்த்துப்போகும், நீர்த்த ஆயில் பம்ப்பிலும் வால்விலும் உள்ளுக்குள் அதிகம் கசியும், அந்தக் கசிவு இன்னும் சூட்டைக் கிளப்பும். காலையில் வேகம், மதியம் மந்தம் என்பது இதனால்தான்.

3. எந்த வேலையில் சூடாகிறது?

நோட்டை எடுத்துப் படியுங்கள். பக்கெட் வேலை, டிராவல், பிரேக்கர் என்று எதைச் செய்தாலும் சூடேறினால் சந்தேகம் கூலர், ஃபேன், ஆயில், அப்புறம் மெயின் பம்ப் பக்கம் போகும். டிராவலில் மட்டும் ஏறினால் செயின் அளவுக்கு மீறி டைட்டாக இருக்கிறதா, ஒரு பக்க டிராவல் மோட்டார் மட்டும் அதிகம் சூடாகிறதா என்று இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். பிரேக்கரில் மட்டும் ஏறினால் மெயின் பம்ப்பை இப்போதைக்கு மறந்துவிட்டு நேராக ஆறாவது படிக்குப் போகலாம். ஆனால் போகிற வழியில் கூலரை மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள்.

கூலன்ட் சூடும் சேர்த்துப் பாருங்கள். பல வண்டிகளில் ரேடியேட்டர், ஆயில் கூலர் இரண்டுக்கும் ஒரே ஃபேன்தான். இரண்டும் சேர்ந்து ஏறினால் காற்றோட்டக் கோளாறு. கூலன்ட் நிதானமாக இருந்து ஆயில் மட்டும் ஏறினால் ஹைட்ராலிக் பக்கம் தேடுங்கள்.

4. ஆயில்

டேங்க் கண்ணாடியில் மட்டம் பார்க்கும்போது பூம், ஆர்ம், பக்கெட் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது மேனுவலில் படமாகவே இருக்கும். சிலிண்டர்கள் நீண்டிருக்கிறதா, உள்ளே இழுத்திருக்கிறதா என்பதைப் பொறுத்து மட்டம் நன்றாகவே மாறும். இது தெரியாமல் மேலும் மேலும் ஊற்றி, டேங்க் மேலே காற்று போய்வரும் பிரீதர் வழியாக வழியவிட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆயில் வெளுத்திருந்தால் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அப்படியே வையுங்கள். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டால் உள்ளே இருந்தது காற்று. சக்சன் ஹோஸ் கிளாம்ப் வழியாக இழுத்திருக்கும். அந்தக் காற்றுக் குமிழி பம்ப்பில் அமுங்கும்போதும் சூடு உண்டாகும், பம்ப்பும் கீச்சென்று கத்தும். மறுநாளும் பால்போலவே இருந்தால் தண்ணீர். ஆயிலை மாற்றத்தான் வேண்டும்.

கிரேடு விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை விடுங்கள், மேனுவல் சொல்வதை வாங்குங்கள். வி.ஜி. 46 போட வேண்டிய வண்டிக்கு அதைவிடக் கெட்டியான 68 ஊற்றினால் சூடு குறையும் என்று ஒரு பேச்சு உண்டு. உள்கசிவு உள்ள பழைய வண்டியில் கொஞ்ச நாள் குறைந்தது போலத் தெரியும், காரணம் அப்படியே உள்ளே இருக்கும்.

5. கூலர்

இங்கேதான் பெரும்பாலான வண்டிகளின் கதை முடிகிறது. அதனால் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகராதீர்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் கூலர் சுத்தமாகவே தெரியும். பல மாடல்களில் ஏசி கண்டென்சர் கூலருக்கு முன்னால் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் தூசி படியும். எங்கோ லேசாக ஆயில் கசிந்தால் அந்தத் தூசி நனைந்து கம்பளி போல ஒட்டிக்கொள்ளும். கண்டென்சரின் போல்ட்டைக் கழற்றி, கேஸ் லைனை இழுக்காமல் மெதுவாக நகர்த்தினால் தெரியும். இருட்டிய பிறகு ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் நின்று பாருங்கள். வெளிச்சம் வராத இடத்தில் காற்றும் போகாது.

கழுவும்போது காற்று போகிற திசைக்கு எதிர்த்திசையிலிருந்து ஊதுங்கள். முதலில் உலர்ந்த காற்று, பிறகு தண்ணீர். தொடக்கத்திலேயே தண்ணீர் அடித்தால் தூசி சேறாகி உள்ளே இறுகிவிடும். எண்ணெய்ப் பசை இருந்தால் டீகிரீசர் தெளித்து ஊறவிட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை நெருக்கமாகவும் சாய்வாகவும் பிடித்தால் ஃபின்கள் மடங்கிவிடும். அதற்குப் பிறகு என்ன கழுவியும் பயனில்லை. தள்ளி நின்று நேராக அடியுங்கள்.

கூலரைச் சுற்றியுள்ள ஸ்பாஞ்ச் பட்டைகளையும் பாருங்கள். அவை கிழிந்திருந்தால் இன்ஜின் பக்கத்துச் சூடான காற்று சுற்றிவந்து மறுபடி கூலருக்குள்ளேயே போகும். சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம், யாரும் கவனிப்பதில்லை. ஃபேன் பெல்ட் இழுவிசை, ஃபேன் இறக்கை திருப்பி மாட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

சுத்தம் செய்தபின் வண்டியைச் சூடாக்கி, கூலருக்கு ஆயில் நுழைகிற குழாயிலும் வெளியேறுகிற குழாயிலும் அளக்க வேண்டும். நுழைவும் வெளியேற்றமும் கிட்டத்தட்ட ஒரே சூடு என்றால் காற்று போதவில்லை. வெளியேறும் பக்கம் நன்றாகக் குளிர்ந்திருக்கிறது, ஆனால் டேங்க் கொதிக்கிறது என்றால் கூலருக்குள் போகிற ஆயிலே குறைவு. கூலர் உள்ளே அடைத்திருக்கலாம், அல்லது ஆயில் டேங்க்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனில் உள்ள பைபாஸ் செக் வால்வின் ஸ்பிரிங் உடைந்து ஆயில் கூலரைச் சுற்றிக்கொண்டு போகலாம். இந்த இரண்டும் இல்லாமல் ஆயில் சூடு குறைந்து வெளியே வருகிறது, காற்றும் அனலாக அடிக்கிறது, அப்படியும் டேங்க் சூடு ஏறுகிறது என்றால் கூலர் தன் வேலையைச் செய்கிறது. சூடு வேறெங்கோ அளவுக்கு மீறி உண்டாகிறது.

6. பிரஷர் எங்கே வீணாகிறது?

இனி கொஞ்சம் கணக்கு, பயப்பட வேண்டாம். பிரஷரை பாரிலும், வழிகிற ஆயிலை நிமிடத்துக்கு லிட்டரிலும் எடுத்துப் பெருக்கி 600-ஆல் வகுத்தால் எத்தனை கிலோவாட் சூடு என்று வரும். பிரஷர் அளவை மீறினால் திறந்து ஆயிலை டேங்க்குக்கு விடுவதுதான் ரிலீஃப் வால்வு. 190 பாரில் அப்படி ஒரு வால்வு நிமிடத்துக்கு 50 லிட்டர் வழியவிட்டால் 190 × 50 ÷ 600, அதாவது ஏறத்தாழ 16 கிலோவாட். வீட்டுக் குளியலறையில் உள்ள 2 கிலோவாட் கெய்சர் எட்டை டேங்க்குக்குள் போட்டு ஓடவிட்ட மாதிரி.

இன்னொரு கணக்குதான் இடத்தைக் கண்டுபிடிக்க உதவும். பிரஷரில் உள்ள ஆயில் வேலை செய்யாமல் ஒரு வால்வு வழியாக நழுவினால், சுமார் 17 பாருக்கு 1 டிகிரி வீதம் அந்த இடத்திலேயே சூடேறும். 190 பார் என்றால் 11 டிகிரி. 340 பாரில் ஓடும் மெயின் ரிலீஃப் கசிந்தால் 20 டிகிரி. ஆகவே ஒவ்வொரு ரிலீஃப் வால்வின் நுழைவுப் பக்கத்திலும் டேங்க்குக்குப் போகும் பக்கத்திலும் டேப் ஒட்டி அளந்து பாருங்கள். வழியாத வால்வில் டேங்க் பக்கக் குழாய் நுழைவைவிடச் சூடாக இருக்காது. வழிகிற வால்வு வித்தியாசத்தில் மாட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு சிலிண்டர் லைனுக்கும் தனியாக உள்ள போர்ட் ரிலீஃப்களில் எது என்று சந்தேகம் தீரவில்லை என்றால், ஒரே செட்டிங் உள்ள இரண்டு வால்வுகளை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறும் சேர்ந்து இடம் மாறினால் ஆள் அதுதான். செட்டிங் வேறாக இருக்கும் வால்வுகளில் இதைச் செய்யவே கூடாது.

எந்த லைனைத் திறப்பதற்கு முன்பும் பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, சாவியை ஆனில் வைத்து லீவர்களை எல்லாப் பக்கமும் ஆட்டி பிரஷரை இறக்குங்கள். டேங்க் பிரீதரையும் அழுத்திக் காற்றை விடுங்கள். ஓடுகிற வண்டியில் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனைத் துளையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. அப்படி நடந்தால் வீட்டுக்குப் போகாமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று சொல்லுங்கள்.

7. என் வண்டியில் நடந்தது

வெளி வெப்பம் 37 டிகிரி. பக்கெட் மாட்டி ஓட்டியபோது டேங்க் 70 டிகிரியைத் தாண்டவில்லை. பிரேக்கர் மாட்டியதும் மதியத்துக்குள் 97. பம்ப் தேய்ந்திருந்தால் பக்கெட் வேலையிலும் ஏறியிருக்க வேண்டும். கூலரைக் கழுவியதில் நாலைந்து டிகிரிதான் இறங்கியது. பிரேக்கர் லைன் ரிலீஃபில் அளந்தோம்: நுழைவு 84, டேங்க் பக்கம் 94. பத்து டிகிரி வித்தியாசம். வால்வு வழிகிறது.

இங்கேயே வால்வை மாற்றிவிடலாம் என்று தோன்றும். ஆனால் வால்வு ஏன் திறக்கிறது என்று பார்க்க வேண்டும். 600 பார் கேஜை பிரேக்கர் சப்ளை லைனில் மாட்டினால், அடிக்கும்போது 190 பார். அந்த பிரேக்கர் சாதாரணமாக 165 பாரைச் சுற்றி ஓட வேண்டியது. ரிலீஃப் செட்டிங் 200. செட்டிங்கை எட்டுவதற்குக் கொஞ்சம் முன்பே ரிலீஃப் மெல்லத் திறக்க ஆரம்பித்துவிடும். அப்படியானால் வால்வில் குற்றமில்லை, பிரேக்கர் ஓடுகிற பிரஷர்தான் கூடியிருக்கிறது.

ரிட்டர்ன் லைனில் சின்ன கேஜ் மாட்டினோம். 22 பார். கையேடு 10-க்குள் இருக்கச் சொல்கிறது. ரிட்டர்னில் அடைப்பு இருந்தால் ஆயில் திரும்பப் போக முடியாமல் பிரேக்கர் அதையும் தள்ளிக்கொண்டு அடிக்க வேண்டும், அதற்கேற்ப சப்ளை பிரஷரும் ஏறும். ஏன் அடைப்பு? பழைய பில்லைப் புரட்டினால் விடை இருந்தது. ரிட்டர்ன் ஹோஸ் வெடித்தபோது அவசரத்துக்கு ஒண்ணேகால் இன்ச்சுக்குப் பதில் முக்கால் இன்ச் ஹோஸை அடாப்டர் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய வில்லன் ஆர்ம் மேல் அந்த லைனை மூடித் திறக்க இருந்த ஸ்டாப் வால்வு. கைப்பிடி முழுத் திறப்பில்தான் நின்றது. கைப்பிடி போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், தண்டின் தலையில் உள்ள கோடு குழாயோடு நேராக இல்லாமல் சாய்ந்து கிடந்தது. கைப்பிடி தண்டில் வழுக்கியிருக்கிறது. உள்ளே பந்து பாதி மூடித்தான் இருந்தது. பந்து எந்தத் திசையில் நிற்கிறது என்பதை அந்தக் கோடுதான் சொல்லும், கைப்பிடி சொல்லாது.

சரியான அளவில் ஹோஸ், புது ஸ்டாப் வால்வு. ரிட்டர்ன் 6 பாருக்கு இறங்கியது, சப்ளை 168-இல் நின்றது, ரிலீஃபின் இரண்டு பக்கமும் ஒரே சூடு காட்டியது. அதே வெயிலில், அதே பாறையில் டேங்க் 76 டிகிரி.

இப்படிப்பட்ட வண்டியில் ரிலீஃப் திருகை ஏற்றிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வழிவது நிற்கும், சூடும் கொஞ்சம் குறையும், பிரேக்கர் சீலும் ஹோஸும் அடுத்தடுத்துப் போகும். செட்டிங் சரியா என்ற சந்தேகம் வந்தால் கையேட்டைப் பாருங்கள். பொதுவாக பிரேக்கர் ஓடும் பிரஷரைவிட 40, 50 பார் மேலே வைக்கச் சொல்வார்கள்.

8. இதிலும் கிடைக்கவில்லை என்றால்தான் பம்ப்

பம்ப் தேய்மானத்தைக் கழற்றாமலே அளக்கலாம். பம்ப்புக்குள் கசிகிற ஆயிலை டேங்க்குக்குக் கொண்டுபோகும் கேஸ் டிரெயின் ஹோஸைக் கழற்றி, டேங்க் பக்கத்தை மட்டும் அடைத்துவிட்டு, பம்ப்பிலிருந்து வரும் ஆயிலை அளவுபோட்ட வாளியில் ஒரு நிமிடம் பிடியுங்கள். மேனுவல் சொல்கிற இன்ஜின் வேகம், ஆயில் சூடு, பிரஷர் எல்லாம் அதேபோல இருந்தால்தான் அளவு செல்லும். பம்ப் பக்கத்தை ஒருபோதும் அடைக்காதீர்கள், ஷாஃப்ட் சீல் அந்த நொடியே பிதுங்கும். அளவு வரம்பைத் தாண்டியிருந்தால் பம்ப் வேலைக்குத் தயாராகுங்கள். அப்போதும் இரண்டு இடத்தில் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள், எந்தெந்தப் பாகம் மாற்றுகிறார்கள் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள், பழைய பாகங்களைத் திருப்பித் தரவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

9. செலவும் நேரமும்

டெம்பரேச்சர் கன், கேஜ், டெஸ்ட் ஹோஸ் எல்லாம் சேர்த்து ஐந்தாறாயிரத்துக்குள் அடங்கும். கூலரைக் கண்டென்சர் நகர்த்திக் கழுவ அரை நாள். சூடு அளக்கும் வேலை வண்டி ஓடும்போதே நடக்கும், வாடகை நஷ்டமில்லை. பிரஷர் டெஸ்ட்டுக்கு இன்னொரு அரை நாள் ஒதுக்குங்கள். ஆயில் 45 முதல் 55 டிகிரிக்குச் சூடானபின்தான் பிரஷர் பார்க்க வேண்டும், சிலிண்டரை முட்டவைத்து ரிலீஃபைப் பார்க்கும்போது சில விநாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. பம்ப் ஓவராலோ லட்சக்கணக்கில் போகும், பாகங்கள் வரும்வரை வண்டி நிற்கும், டிரைவர் பேட்டாவும் இஎம்ஐயும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ரிப்பேர் முடிந்தபின் ஒரு விஷயம் பாக்கி. பல நாள் 95 டிகிரிக்கு மேல் கிடந்த ஆயிலை அப்படியே விடாதீர்கள். கறுத்து, கருகிய வாடை அடித்தால் யோசிக்காமல் ரிட்டர்ன் ஃபில்டரோடு சேர்த்து மாற்றுங்கள். பார்க்க நன்றாக இருந்தால், இருநூறு லிட்டரை இறக்குவதற்கு முன் ஒரு பாட்டில் எடுத்து லேபுக்கு அனுப்பி விஸ்காசிட்டி, ஆசிட் நம்பர், உலோகத் துகள் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பிளை டிரெயின் பிளக்கிலிருந்து எடுக்க வேண்டாம், அடியில் தேங்கிய அழுக்குதான் வரும்; சூடான ஆயிலை டேங்க் நடுமட்டத்திலிருந்து கைப்பம்ப் வைத்து உறிஞ்சி எடுங்கள், பாட்டில்மேல் தேதியும் ஹவர் ரீடிங்கும் எழுதி ஒட்டுங்கள். ஃபில்டரைக் கழற்றும்போது அறுத்து விரித்துப் பாருங்கள். மஞ்சள் நிறத் துகள் மின்னினால் அது பித்தளை. பம்ப் அல்லது மோட்டார் உள்ளே தேய ஆரம்பித்திருக்கிறது, எட்டாவது படியைத் தள்ளிப்போடாதீர்கள்.